பட்ஜெட்டும் ஆக்சுவலும்: மாதாந்திர வேரியன்ஸ் கணக்கும் நிர்வாகத்துக்கு எழுதும் குறிப்பும்

கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரு குறிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "துணிச் செலவு பட்ஜெட்டைவிடக் கூடுதல். காரணம்: அதிகப் பயன்பாடு." முதலாளி அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "கூடியிருக்குன்னா அதிகமா செலவாயிருக்குன்னு எனக்கே தெரியும்ப்பா. ஏன்னு சொல்லு." பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்த கட்டிங் ஹாலுக்கு நான் அந்த மாதம் முழுக்க ஒரு தடவைகூடப் போயிருக்கவில்லை.

பட்ஜெட்டுக்கும் ஆக்சுவலுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது வேரியன்ஸை, கணக்கிட்டு விளக்கும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைத் திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் யூனிட்டின் ஜூலை மாதக் கணக்கை வைத்துக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. நடப்பதெல்லாம் அந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பதுதான். பட்ஜெட்டில் 1,00,000 பீஸ். ஜூலையில் தைத்து அனுப்பியது 1,12,000 பீஸ். மொத்தச் செலவு பட்ஜெட்டில் 138 லட்சம். புத்தகத்தில் நிற்பது 163.28 லட்சம்.

முதலில் ஆக்சுவலைச் சந்தேகப்படுங்கள்

ட்ரையல் பேலன்ஸை எக்செலில் இறக்கியதும் பட்ஜெட் பக்கத்தில் ஒட்டிக் கழிக்கத்தான் கை போகும். அதற்கு ஒரு நாள் பொறுங்கள். மாதக் கணக்கு முழுதாக ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் கழித்தால், பிழைக்குத்தான் காரணம் எழுதிக்கொண்டிருப்போம்.

நம் கணக்கில் மின்சாரம், டீசல் இரண்டும் சேர்ந்த வரி 2.10 லட்சம் காட்டியது. பட்ஜெட் 3 லட்சம். 12% கூடுதலாக உற்பத்தி செய்த மாதத்தில் மின்செலவு முப்பது சதவீதம் குறையுமா? செக்யூரிட்டி கேட்டில் இருக்கும் வரவுப் பதிவேட்டைப் புரட்டினால் விஷயம் வெளியே வரும். கடைசி வாரத்தில் ஏழு பேரல் டீசல் உள்ளே வந்திருக்கிறது, பில் இன்னும் வரவில்லை. பேரலுக்கு 200 லிட்டர் வீதம் 1,400 லிட்டர், சுமார் 1.30 லட்சம் ரூபாய். டீசல் ஜூலையிலேயே ஜெனரேட்டரில் எரிந்து தீர்ந்துவிட்டது. ஆகவே ஜூலைக்கு 1.30 லட்சம் புரொவிஷன் போட வேண்டும். பில் வந்ததும் ஆகஸ்டில் அதைத் திருப்பிவிடலாம். இப்போது வரி 3.40 லட்சம். மொத்தச் செலவு 164.58 லட்சம்.

செலவு குறைந்த வரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. விட்டுப்போன பில்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பதால் நான் அவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். சரக்கு வந்து பில் வராதவை, ஜாப் வொர்க் முடிந்து பில் வராதவை, மாதக் கடைசி லாரி வாடகை ஆகிய மூன்றையும் பார்த்தால் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். இன்னொன்று ஜிஎஸ்டி. பட்ஜெட் ஜிஎஸ்டி இல்லாமல் போடப்பட்டிருக்கும்; புதிதாக வந்த கிளார்க் இன்புட் எடுக்க வேண்டிய வரியையும் சேர்த்துச் செலவில் ஏற்றியிருப்பார். வேரியன்ஸ் சரியாக 5% அல்லது 18% பக்கம் வந்தால் அந்த வவுச்சரைத் திறந்து பாருங்கள்.

பட்ஜெட்டையும் சும்மா விடக் கூடாது

இரண்டு விஷயம். முதலாவது, வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்ட வரிகள். தீபாவளி போனஸ் நல்ல உதாரணம். பட்ஜெட்டில் மாதம் 1 லட்சம் என்று இருக்கும். கணக்கில் மாதாமாதம் புரொவிஷன் போடாமல் விட்டால், பட்டுவாடா செய்த மாதத்தில் 11 லட்சம் கூடுதல் என்று வந்து நிற்கும். அது வேரியன்ஸே இல்லை, நாம் கணக்கு வைத்த விதம். ஒன்று மாதாமாதம் புரொவிஷன் போடுங்கள், இல்லையென்றால் பட்ஜெட்டை அது செலவாகும் மாதத்துக்கு நகர்த்துங்கள். "டைமிங் வேரியன்ஸ்" என்று எழுதிச் சமாளிப்பதை ஒரு தடவைக்கு மேல் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

இரண்டாவதுதான் பெரியது. 1,00,000 பீஸுக்குப் போட்ட பட்ஜெட்டை 1,12,000 பீஸின் செலவோடு நேராக ஒப்பிட்டால் எல்லா வரியும் கூடுதலாகத்தான் தெரியும். அதனால் உற்பத்தியோடு ஏறி இறங்கும் வரிகளை மட்டும் உண்மையான பீஸ் எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதை ஃபிளெக்ஸ் பட்ஜெட் என்பார்கள். ஒரு பீஸுக்கு 250 கிராம் துணி, கிலோ 400 ரூபாய் என்றால் பீஸுக்கு 100 ரூபாய். 1,12,000 பீஸுக்கு 112 லட்சம். ஸ்டாஃப் சம்பளம் மாறாது, அதை அப்படியே விடலாம். மின்சாரத்தைப் பிரிக்க வேண்டும். 3 லட்சத்தில் 1 லட்சம் டிமாண்ட் சார்ஜ் மாதிரி நிலையானது, மீதி 2 லட்சம் மட்டும் 12% ஏறும். ஆக 3.24 லட்சம்.

| வரி (லட்சம் ரூபாய்) | பட்ஜெட் | ஃபிளெக்ஸ் | ஆக்சுவல் | ஃபிளெக்ஸைவிடக் கூடுதல் |
|---|---|---|---|---|
| துணி | 100.00 | 112.00 | 119.39 | 7.39 |
| தையல் கூலி | 24.00 | 26.88 | 27.10 | 0.22 |
| அனுப்பும் செலவு | 2.00 | 2.24 | 5.59 | 3.35 |
| மின்சாரம், டீசல் | 3.00 | 3.24 | 3.40 | 0.16 |
| ஸ்டாஃப் சம்பளம் | 9.00 | 9.00 | 9.10 | 0.10 |
| மொத்தம் | 138.00 | 153.36 | 164.58 | 11.22 |

பட்ஜெட்டைவிட 26.58 லட்சம் கூடுதல் என்று தெரிந்த தொகையில் 15.36 லட்சம் வெறும் எண்ணிக்கையால் வந்தது. அதற்கு எதிராக 12,000 பீஸின் விற்பனை வரவு இருக்கிறது. அதை விற்பனைப் பக்கத்தில் காட்டினால் போதும். விளக்கம் எழுத வேண்டியது 11.22 லட்சத்துக்குத்தான்.

பட்டியலின் கடைசிப் பத்தியில் நான் பிளஸ், மைனஸ் குறி போடுவதில்லை. செலவில் மைனஸ் நல்லதா கெட்டதா என்று மீட்டிங்கில் பத்து நிமிடம் போகும். "கூடுதல்", "குறைவு" என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

எந்த வரிக்கு எழுதுவது

எல்லா வரிக்கும் எழுதினால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். பலர் "5 சதவீதத்துக்கு மேல் போனால் எழுது" என்று ஒரே கோடு போட்டுவிடுகிறார்கள். அதில் இரண்டு பக்கமும் ஓட்டை. ஸ்டேஷனரி 4,000 ரூபாய் கூடினாலும் 40% என்று வந்து நிற்கும். துணி 4% தாண்டினால் நாலரை லட்சம், ஆனால் வடிகட்டியில் மாட்டாது. தொகை, சதவீதம் இரண்டையும் சேர்த்து, பெரிய தொகைக்கு மட்டும் சதவீதம் பார்க்காமல் விடுங்கள். B-யில் ஃபிளெக்ஸ், C-யில் ஆக்சுவல் ரூபாயில் இருந்தால் இப்படிப் போடலாம்:

```
D2: =C2-B2
E2: =IF(B2=0,1,D2/B2)
F2: =IF(OR(ABS(D2)>=200000,AND(ABS(D2)>=50000,ABS(E2)>=5%)),"எழுதுக","")
```

2 லட்சம், 50,000 என்ற எல்லைகள் இந்த அளவு யூனிட்டுக்கு. உங்கள் மாத லாபத்தைப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நம் பட்டியலில் துணியும் அனுப்பும் செலவும் மட்டும் மாட்டுகின்றன. தையல் கூலி 22,000 ரூபாய்தான் என்றாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டே விடுவேன், ஏனென்றால் சொந்த டெய்லர் கூலி குறைந்து வெளி யூனிட் கூலி ஏறி இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டிருக்கலாம்.

துணியை உடைப்பது

7.39 லட்சம் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? விலை ஏறியதா என்றால் பர்ச்சேஸைக் கேட்க வேண்டும். அதிகம் செலவானதா என்றால் கட்டிங் ஹாலுக்குப் போக வேண்டும். அதனால் முதலில் இரண்டாக உடைக்கிறோம்.

ஸ்டோர் கொடுத்த துணி 29,120 கிலோ. 1,12,000 பீஸுக்கு ஆகியிருக்க வேண்டியது 28,000 கிலோ. கூடுதல் 1,120 கிலோவை பட்ஜெட் விலையான 400 ரூபாயால் பெருக்கினால் 4.48 லட்சம். இது அளவால் வந்தது. அடுத்து, சராசரி வாங்கிய விலை 410 ரூபாய். கிலோவுக்கு 10 ரூபாய் வித்தியாசத்தை உண்மையில் செலவான 29,120 கிலோவால் பெருக்கினால் 2.91 லட்சம். இது விலையால் வந்தது. இரண்டும் சேர்ந்து 7.39. கூட்டுத்தொகை சரியாக வரவில்லை என்றால் அளவு வித்தியாசத்தைப் புது விலையால் பெருக்கியிருப்பீர்கள். அந்தத் தப்பு அடிக்கடி நடக்கும்.

இதுவரை நாற்காலியில் உட்கார்ந்தே செய்துவிடலாம். இனிமேல் முடியாது.

போய்க் கேட்பது

"துணி ஏன் கூட ஆச்சு?" என்று கேட்டால் கட்டிங் மாஸ்டர் "வேஸ்ட் இருக்கும்ங்க" என்பார். அது பதில் இல்லை, நம்மை அனுப்பிவைக்கும் வழி. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

"அண்ணே, 1,120 கிலோ கூடுதலா இஷ்யூ ஆயிருக்கு. எந்த ஆர்டருக்குன்னு இஷ்யூ ஸ்லிப்ல பாத்தேன், நேவி ப்ளூலதான் 900 கிலோ ரெண்டு தடவை போயிருக்கு. என்ன ஆச்சு?"

"அதா? ஷேடு அவுட்டுங்க. கட்டிங்குக்கு விரிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது. ஸ்டோர்ல சுவரோரமா கிடக்குது பாருங்க."

போய்ப் பார்த்தால் 25 கிலோ ரோல் 36, சிவப்பு டேக் கட்டி அடுக்கியிருக்கிறது. பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப், அதாவது சாய மாதிரித் துண்டு, சரிதான். பல்க்காகச் சாயம் போட்டு வந்த லாட் அதோடு ஒத்துப்போகவில்லை. முதல் ரோலை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்திருந்தால் இறக்கும்போதே திருப்பி அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு அதைப் பார்க்காமல் இறக்கிவிட்டார்கள். மாற்றுத் துணி வர நாளாகிவிட்டது. அந்தத் துணியில் தைத்த 3,600 பீஸ் ஷிப்மெண்ட் தேதியைத் தாண்டின.

இங்கேதான் அடுத்த வரி வந்து ஒட்டிக்கொள்கிறது. எஃப்ஓபி ஆர்டரில் தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும், அதாவது லாரி, கிளியரிங் செலவு வரைக்கும்தான் நம் கணக்கு. அதனால்தான் பட்ஜெட்டில் பீஸுக்கு 2 ரூபாய். ஆனால் நம் தாமதத்தால் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் பையர் ஏற்க மாட்டார், அந்த ஃபிரெய்ட் நம் தலையில். 900 கிலோ, கிலோ 380 ரூபாய், 3.42 லட்சம். அந்த 3,600 பீஸுக்குத் தூத்துக்குடிச் செலவு 7,000 ரூபாய் மிச்சம். நிகரம் 3.35 லட்சம், பட்டியலில் இருக்கும் அதே எண்.

ஆக, துணி வரியில் 3.60 லட்சமும் (900 கிலோ, 400 ரூபாய்) அனுப்பும் செலவில் 3.35 லட்சமும் ஒரே சம்பவம். மொத்தம் 6.95 லட்சம். இதைத் துணிக்கு ஒரு குறிப்பு, ஃபிரெய்ட்டுக்கு ஒரு குறிப்பு என்று தனித்தனியாக எழுதினால் ஷேடு அவுட் சின்னப் பிரச்சினையாகவும், ஷிப்பிங் பிரிவு பெரிய குற்றவாளியாகவும் தெரியும். ஷிப்பிங்கில் இருப்பவர் அந்த வாரம் தூங்காமல் சரக்கை அனுப்பிவைத்தவர். லெட்ஜர் வரிசையில் எழுதாமல், காரணத்தின் வரிசையில் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மிச்சம் 220 கிலோ, 88,000 ரூபாய். இது உண்மையிலேயே கட்டிங் வேஸ்ட். 28,000 கிலோவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு மாதத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

விலைக்குப் பர்ச்சேஸில் கேட்டால், நூல் விலை ஏறியதால் துணி கிலோவுக்கு 10 ரூபாய் கூடியிருக்கிறது, ஆகஸ்ட் ஆர்டரும் 410-இல்தான் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். இந்தக் கடைசி வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதுவது

ஒரு குறிப்பில் ஐந்து விஷயம் இருந்தால் படிப்பவர் திருப்பிக் கேட்க ஒன்றும் இருக்காது: எவ்வளவு, எதனால், இதோடு முடிந்ததா தொடருமா, யார் எப்போதுக்குள் என்ன செய்கிறார்கள், வருடக் கணக்கில் என்ன ஆகும். தலைப்புப் போட்டு ஐந்து கட்டம் கட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாக்கியத்தில் ஓடிவிடும்.

ஷேடு அவுட்டுக்கு நான் எழுதுவது:

> நேவி ப்ளூ லாட் ஷேடு அவுட்: 6.95 லட்சம் கூடுதல் (துணி 3.60, விமான ஃபிரெய்ட் 3.35). சாயப்பட்டறையிலிருந்து வந்த 900 கிலோ, லேப் டிப்போடு ஒத்துப்போகவில்லை. இறக்கும்போது பார்க்காததால் கட்டிங்கில்தான் தெரிந்தது. மாற்றுத் துணி தாமதமானதால் 3,600 பீஸ் விமானத்தில் போனது. ஒரு முறைச் செலவு. சாயப்பட்டறைக்கு டெபிட் நோட் அனுப்பியிருக்கிறோம், ஒப்புதல் வராததால் வரவு எடுக்கவில்லை. துணியைக் கறுப்பாக மாற்றிச் சாயம் போட்டு வேறு ஆர்டருக்கு எடுக்க முடியுமா என்று புரொடக்‌ஷன் மேனேஜர் ஆகஸ்ட் 20-க்குள் சொல்கிறார். ஆகஸ்ட் 1 முதல் ஒவ்வொரு லாட்டிலும் முதல் ரோலை லைட் பாக்ஸில் பார்த்த பிறகே இறக்குகிறோம்.

"சாயப்பட்டறை தவறு" என்று நிறுத்தியிருக்கலாம், அதுதான் எல்லோருக்கும் வசதி. ஆனால் நம் பக்கம் பார்க்காமல் விட்டதையும் எழுதாவிட்டால், கடைசி வாக்கியத்தில் இருக்கும் நடவடிக்கைக்கு அர்த்தமே இல்லை. எழுதும்போது ஆள் பெயர் வேண்டாம். எந்த வேலை விட்டுப்போனது என்று சொன்னால் போதும். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பிரிவுத் தலைவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மீட்டிங்கில் முதல் முறையாகப் படிக்கிறவர் எண்ணைப் பற்றிப் பேச மாட்டார், உங்களைப் பற்றித்தான் பேசுவார்.

டெபிட் நோட் விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. அனுப்பியதாலேயே பணம் வந்ததாகாது. பேசிப் பேசிப் பாதியில் முடிவதும் உண்டு. எதிர்ப்பக்கம் ஒப்புக்கொண்ட பிறகு, ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் எடுங்கள்.

விலைக்கு:

> துணி விலை: 2.91 லட்சம் கூடுதல். நூல் விலையேற்றத்தால் கிலோ 400-இலிருந்து 410. ஆகஸ்ட் ஆர்டரும் 410-இல் போடப்பட்டுள்ளது, ஆகவே இது தொடரும். இதே விலை நீடித்தால் ஆகஸ்ட் முதல் மார்ச் வரை பட்ஜெட் அளவான மாதம் 25,000 கிலோவுக்கு 2.50 லட்சம் வீதம் 20 லட்சம் கூடும். புது ஆர்டர்களின் காஸ்டிங் ஷீட்டில் 410 போட மெர்ச்சண்டைசிங் பிரிவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஏற்கெனவே விலை பேசி முடித்த ஆர்டர்களில், பையர் விலை திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டால் தவிர, இதை மீட்க வழியில்லை.

விமான ஃபிரெய்ட்டைப் பார்த்ததும் சத்தம் போடத் தோன்றும், 2.91 லட்சத்தைப் பார்த்தால் தோன்றாது. ஆனால் முன்னது ஜூலையோடு போய்விட்டது. பின்னது மார்ச் வரைக்கும் கூடவே வரும். இந்த வித்தியாசத்தைக் காட்டாத குறிப்பால் முதலாளி தப்பான வரிக்கு நேரம் செலவழிப்பார். அதனால் குறிப்பின் தலையில் மூன்று வரி வைப்பேன்:

> ஜூலைச் செலவு, உண்மையான 1,12,000 பீஸுக்கு ஆக வேண்டியதைவிட 11.22 லட்சம் கூடுதல். இதில் 6.95 லட்சம் நேவி லாட் ஷேடு அவுட், ஒரு முறை, 2.91 லட்சம் துணி விலை, தொடரும், மீதி 1.36 லட்சம் சிறு வரிகள்.
> முடிவு தேவை: நடப்பு ஆர்டர்களில் விலை திருத்தம் கேட்கலாமா, எந்தப் பையரிடம்.
> வருட மதிப்பீடு 20 லட்சம் உயர்த்தப்பட்டுள்ளது, துணி விலைக்காக மட்டும்.

அவசரத்தில் இருக்கும் முதலாளி இதோடு நிறுத்திவிட்டாலும் பரவாயில்லை. "முடிவு தேவை" என்ற வரி எல்லா மாதமும் இருக்காது. இல்லாத மாதத்தில் சும்மா ஒன்றை நுழைக்க வேண்டாம்.

காரணம் தெரியாத வரி ஒன்று மாட்டினால்? "விசாரணையில் உள்ளது, ஆகஸ்ட் 12-க்குள் சொல்கிறோம்" என்று தேதி போட்டு எழுதுங்கள். அந்த இடத்தில் "அதிக உற்பத்தி காரணமாக" என்று போட்டு நிரப்புவது பழைய வித்தை. ஃபிளெக்ஸ் செய்த பிறகு அந்தக் காரணம் செல்லவே செல்லாது, ஏனென்றால் உற்பத்தியின் பங்கை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டோம்.

அடுத்த மாதம்

ஆகஸ்ட் குறிப்பைத் தொடங்கும்போது புது ஷீட்டைத் திறக்காமல் ஜூலைக் குறிப்பைத் திறந்துகொள்ளுங்கள். கறுப்புச் சாயம் போட்டார்களா, டெபிட் நோட்டில் எவ்வளவு ஒப்புக்கொண்டார்கள், லைட் பாக்ஸ் பதிவேட்டில் ஒவ்வொரு லாட்டுக்கும் கையெழுத்து இருக்கிறதா, டீசல் புரொவிஷன் திரும்பியதா என்று நான்கு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டுப் பிறகு புது எண்களுக்குப் போகலாம். 220 கிலோ கட்டிங் வேஸ்ட்டையும் மறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டிலும் அதே அளவு வந்தால், துணியில் பேட்டர்ன்களை அடுக்கும் மார்க்கர் லே-அவுட்டைப் பார்க்கக் கட்டிங் மாஸ்டரிடம் மறுபடியும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.